பந்து கையை விட்டுப் போகும் இடத்தில் ஈஸ் போடாதீர்கள்

புதிதாக அனிமேஷன் செய்கிறவர்களின் ஷாட்களைப் பார்த்துத் திருத்தும்போது திரும்பத் திரும்ப ஒரே கோளாறைப் பார்க்கிறேன். பந்தை எறிகிற கை, எறியப்போகும் நேரம் பார்த்து மெதுவாகிவிடும். பந்தும் மெதுவாகக் கிளம்பி, மெதுவாகவே போய்ச் சேரும், பலூன் மாதிரி. ஸ்லோ இன், ஸ்லோ அவுட் என்று படித்ததை எல்லா கீயிலும் போட்டுவிடுவதுதான் காரணம். சாஃப்ட்வேரும் கேட்காமலேயே அதைத்தான் போட்டுக் கொடுக்கிறது.

ஒரு ஷாட்டை எடுத்துக்கொள்வோம். ஒருவன் 3.6 மீட்டர் தள்ளி நிற்கும் நண்பனுக்கு டென்னிஸ் பந்தைக் கீழ்க்கையாகத் தூக்கிப் போடுகிறான், நண்பன் அதே உயரத்தில் பிடிக்கிறான். நொடிக்கு 24 ஃபிரேம், பந்து காற்றில் இருப்பது சரியாக ஒரு நொடி. அப்படியென்றால் ஏற 12 ஃபிரேம், இறங்க 12 ஃபிரேம், உச்சி கையை விட்ட இடத்திலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரத்தில் வரும். இந்த உயரத்தை நம் இஷ்டத்துக்கு வைக்க முடியாது, அரை நொடியில் புவியீர்ப்பு இழுக்கிற தூரம் அவ்வளவுதான்.

இப்போது சார்ட். பக்கவாட்டில் பந்தை யாரும் தள்ளவோ இழுக்கவோ இல்லை, ஆகவே எல்லா இடைவெளியும் சமம், ஃபிரேமுக்கு 15 செ.மீ. செங்குத்தில்தான் இடைவெளி மாறும்: உச்சியிலிருந்து இறங்கும்போது 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களாக வளர்ந்து 23இல் முடியும். எல்லாம் சேர்த்து 144 பங்கு, ஒரு பங்கு ஒரு செ.மீ.க்கும் கொஞ்சம் குறைவு. முதல் ஃபிரேமில் பந்து இறங்குவது தெரியவே தெரியாது, கடைசி ஃபிரேமில் கிட்டத்தட்ட 20 செ.மீ. விழுகிறது. ஏறும்போது இதே கணக்கு தலைகீழ். நினைவில் வைக்க ஒன்றே ஒன்று போதும்: இறங்கும் நேரத்தில் பாதி போனபோது, இறங்கியது கால்வாசி தூரம்தான். பிரேக்டவுனைப் பாதி உயரத்தில் வைக்கிறவர்களுக்குப் பந்து உச்சியில் மிதக்காது, முட்டிக்கொண்டு திரும்பும்.

ஆகப் பந்துக்கு ஸ்லோ இன், ஸ்லோ அவுட் இரண்டும் உச்சியில் மட்டும், அதுவும் செங்குத்தில் மட்டும். பிளெண்டரில் செய்கிறவர்கள் `X Location` வளைவை `Linear` ஆக்குங்கள். `Z Location`-இல் கிளம்பும் கீக்கு `Quadratic`, `Ease Out`. உச்சி கீக்கு `Quadratic`, `Ease In`. இந்தப் பாதை சரியாக மேலே சொன்ன கணக்கில் வந்து நிற்கும்.

கைக்கு வருவோம், பெரும்பாலும் ஷாட் கெடுவது இங்கேதான். கையை விட்ட முதல் ஃபிரேமில் பந்து பக்கவாட்டில் 15, மேலே 20, சேர்த்தால் சாய்வாக ஏறக்குறைய 25 செ.மீ. போகிறது. அந்த வேகத்தைக் கொடுத்தது கை, அதனால் விடுவதற்கு முந்தைய கடைசி இடைவெளியில் கையும் 25 செ.மீ. அளவுக்கு நகர்ந்திருக்க வேண்டும். தோளிலிருந்து உள்ளங்கை வரை 60 செ.மீ. என்று வைத்தால் அது சுமார் 23 டிகிரி. கை நேராகத் தொங்கும் நிலையிலிருந்து பின்னால் 45 டிகிரியில் தொடங்கி முன்னால் 54 வரை, அதாவது ஏறத்தாழ 100 டிகிரி, 8 ஃபிரேமில் வீசட்டும். இடைவெளிகளை 1, 3, 5 என்று 15 வரை வளர்த்தால் கடைசி இடைவெளி அதே 23 டிகிரிக்கு வந்துவிடுகிறது. 54 ஏன் என்றால், பந்து கையின் ஆர்க்கைத் தொட்டுக்கொண்டு போகும் நேர்கோட்டில்தான் கிளம்பும், இந்தப் பந்து கிளம்புகிற சாய்வு அது. விட்ட பிறகுதான் கைக்கு ஸ்லோ இன்: 15, 10, 6, 3, 1 டிகிரி என்று சுருங்கி நிற்கட்டும்.

ஆர்க் போச்சா என்று பார்க்க, ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரே விரல் முட்டியில் புள்ளி வைத்து ஆனியன் ஸ்கினில் சேர்த்துப் பாருங்கள். இரண்டு கீக்கு நடுவே நேர்கோட்டில் இன்பிட்வீன் போட்டிருந்தால் 60 செ.மீ. கை நடுவில் 39 ஆகச் சுருங்கியிருக்கும். 3டியில் ஐகே வைத்திருந்தால் முழங்கை காரணமில்லாமல் மடங்கும். வீச்சுக்கு எஃப்கேவுக்கு மாறிவிடுவதே நல்லது, தோள் சுழன்றாலே ஆர்க் தானாக வரும்.

புள்ளிகள் ஒழுங்காக இருந்தும் பந்து விட்டுவிட்டுத் தெரிந்தால் பயப்படாதீர்கள். பந்தே 7 செ.மீ.க்குள், இடைவெளி 25, கண் கோர்த்துப் பார்க்காது. அந்த இரண்டு மூன்று ஃபிரேமில் மட்டும் போகும் திசையில் நீட்டுங்கள், அல்லது மோஷன் பிளர் கொடுங்கள். அப்புறம், இந்தச் சம இடைவெளிக் கணக்கு பந்து, கல், சாவிக்கொத்து மாதிரி கனமானவற்றுக்கு மட்டும். இறகுப்பந்தைக் காற்று பிடித்து இழுக்கும், அதன் பக்கவாட்டு இடைவெளியும் போகப் போகச் சுருங்கும், இறங்கும் பாதை ஏறியதைவிடச் செங்குத்தாக இருக்கும்.