மெதுவான இழுப்புக்குத் தோற்கும் ஈயம்

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில், வேலை பழகும் பையனுக்கு இப்படி ஒரு அதட்டல் விழும்: “ஏலே, வயர முறுக்காம ஈயம் வைக்காத!” தாமிரக் கம்பிகளை முறுக்கிவிட்டால் இழுவையைத் தாமிரமே தாங்கிக்கொள்ளும். ஈயத்தை நம்பி விட்டால் அன்றைக்கு நிற்கும், நாள்பட நழுவும்.

சால்டரிங் ஈயம் என்பது தனி ஈயமல்ல, பெரும்பாலும் 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் சேர்ந்தது. அதில் 1 மி.மீ. தடிமனுள்ள கம்பியை வெடுக்கென்று இழுத்தால் சுமார் 3 கிலோ எடை வரை தாங்கும். அதே கம்பியில் ஒரே ஒரு கிலோவைக் கட்டித் தொங்கவிடுங்கள். உடனே ஒன்றும் ஆகாது. ஆனால் விட்டுவிட்டுப் போய் வந்து பார்த்தால் கம்பி நீண்டிருக்கும். அப்படியே விட்டால் கடைசியில் அறுந்தே போகும்.

காரணம் வெப்பநிலை. உலோகத்தின் அணு அடுக்குகளில் உள்ள பிசகுகள் நகர்வதால்தான் அது வளைகிறது, நீள்கிறது. வழியில் தடை வந்தால் பிசகு அங்கேயே சிக்கி நிற்கும். அதைத் தாண்ட அணுக்களின் வெப்ப அதிர்வு உதவ வேண்டும், அதற்கு நேரம் வேண்டும். மெதுவாக இழுத்தால் அந்த நேரம் கிடைக்கிறது. வேகமாக இழுத்தால் கிடைப்பதில்லை, விசையை ஏற்றித்தான் தள்ள வேண்டும்.

அதிர்வு எவ்வளவு உதவும் என்பது, உலோகம் தன் உருகுநிலைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்த ஈயம் 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். கெல்வின் கணக்கில் பார்த்தால், 38 டிகிரி அடிக்கும் நெல்லை வெயிலில் அது தன் உருகுநிலையில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டுவிட்டது. இரும்பு அதே நிலைக்கு வர 900 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும். அதாவது கடை மேசையில் சும்மா கிடக்கும் ஈயம், கொல்லன் உலையில் பழுத்த இரும்புக்குச் சமம்.

இழுக்கும் வேகம் மாறினால் தேவைப்படும் விசை எவ்வளவு மாறும் என்பதை அளக்க m என்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள். இழுக்கும் வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைப்போம். m 0.02 என்றால், சாதாரண வெப்பநிலையில் எஃகு ஏறக்குறைய இப்படித்தான், தேவைப்படும் விசை 13 சதவீதம்தான் குறையும். m 0.1 என்றால் பாதியாகிவிடும். ஈயக் கலவைகள் இந்தப் பக்கம். உலோகத்துக்குள் இருக்கும் படிக மணிகள் மிக நுண்ணியவையாக இருந்தால் m இன்னும் ஏறும்.

வேகமாக இழுத்தால் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. செல்போன் தரையில் விழும் நொடியில் ஈயம் விறைத்துக்கொள்வதால், அடி முழுவதும் தாமிரத்தோடு அது ஒட்டும் இடத்திலுள்ள மெல்லிய, நொறுங்கும் அடுக்குக்குப் போகிறது. பழுதான போர்டை லென்ஸில் பார்த்தால் ஓரளவு வித்தியாசம் தெரியும். அப்படி விழுந்து உடைந்த இணைப்பு அடிமட்டத்தில் தட்டையாகப் பிளந்திருக்கும். தினமும் சூடேறி ஆறி மெதுவாக இழுபட்ட இணைப்பிலோ, பாகத்தின் கம்பிக் காலைச் சுற்றி மங்கலாக, சொரசொரப்பாக ஒரு வளைய விரிசல் ஓடியிருக்கும்.