3.60 பெருசா, 3.55 பெருசா? எஃப்டி வட்டிய எப்படி ஒப்பிடுறது

பிரிக்ஃபீல்ட்ஸ்லயோ பினாங்கு ஜார்ஜ்டவுன்லயோ ரெண்டு மூணு பேங்க் ஏறி இறங்குனா ஒவ்வொரு போர்டுலயும் ஒரு நம்பர் இருக்கும், எல்லாத்துக்கும் பக்கத்துல "வருஷத்துக்கு"ன்னுதான் போட்டிருக்கும், ஆனா வட்டிய எத்தனை தடவை அசலோட சேக்குறாங்கங்கறது கீழ பொடி எழுத்துல இருக்கும், இல்லன்னா கேட்டாத்தான் சொல்வாங்க. அது தெரியாம பெரிய நம்பர மட்டும் பாத்து காச போடுறது சரிப்படாது.

கணக்குக்காக மூணு ரேட் வச்சுக்குவோம் (இன்னைக்கு பேங்க்ல குடுக்குற ரேட் இல்ல). கையில 10,000 வெள்ளி. முதல் பேங்க் 12 மாச எஃப்டிக்கு 3.60%, வட்டி கடைசியில மொத்தமா. ரெண்டாவது 3 மாச எஃப்டி, 3.57%, முடிய முடிய வட்டியோட சேத்து புதுப்பிக்கும். மூணாவது ஒரு சேவிங்ஸ் மாதிரி அக்கவுண்ட், 3.55%, வட்டி மாசாமாசம் ஏறும்.

முதலாவதுல வருஷக் கடைசியில 360 வெள்ளி, அவ்வளவுதான். ரெண்டாவத மட்டும் கொஞ்சம் மெதுவா பாப்போம். 3.57ஐ நாலா வகுத்தா மூணு மாசத்துக்கு 0.8925%, அதாவது 89.25 வெள்ளி. இப்ப அசல் 10,089.25 ஆயிடுச்சு, அடுத்த மூணு மாச வட்டி இதுக்குத்தான் கணக்கு, அதனால 90.05. அப்புறம் 90.85, கடைசியா 91.66. கூட்டுனா 361.81 வெள்ளி. ரேட் கம்மி, ஆனா காசு 1.81 வெள்ளி ஜாஸ்தி. மூணாவதுலயும் இதே மாதிரி பன்னெண்டு தடவை போட்டா 360.83 வரும். ஆக போர்டுல கடைசியில நின்ன 3.55 கூட 3.60ஐ தாண்டிடுது.

இப்படி ஒரு வருஷத்துல உண்மையா எத்தனை பர்சன்ட் கையில வருதுன்னு பாக்குறதுதான் எஃபெக்டிவ் ரேட். மூணுக்கும் முறையே 3.60, 3.62, 3.61. உக்காந்து பெருக்கிட்டு இருக்க வேணாம், எக்ஸெல்ல இத தட்டுனா போதும், முதல் நம்பர் ரேட், ரெண்டாவது வருஷத்துக்கு எத்தனை தடவை வட்டி சேருதுங்கறது:

```
=EFFECT(0.0357,4)
```

பேங்க் நாள் கணக்குல போடுறதால சில சென் முன்னபின்ன வரும், அத விட்டுடுங்க.

10,000 வெள்ளிக்கு வித்தியாசமே ரெண்டு வெள்ளிகூட இல்ல, கார் பார்க்கிங்குக்கே பத்தாது. நெஜமா காசு போறது வேற ரெண்டு எடத்துல.

ஒண்ணு, ஃபாரம்ல வட்டி எங்க போகணும்னு ஒரு கட்டம் இருக்கும். வட்டிய சேவிங்ஸ் அக்கவுண்டுக்கு அனுப்புன்னு டிக் பண்ணிட்டா அசல் 10,000லயே நிக்கும், நாலு தடவையும் அதே 89.25தான், மொத்தம் 357. 3.62ன்னு நெனச்சது 3.57லயே நின்னுடுச்சு, 3.60ஐ விட கீழ. மாசச் செலவுக்கு வட்டி வேணும்னா பரவால்ல, இல்லன்னா அசலும் வட்டியும் சேத்து புதுப்பிக்கச் சொல்லிடுங்க.

ரெண்டாவது, இதுதான் பெருசு, புரமோஷன் ரேட். 3 மாசத்துக்கு 3.80%ன்னு பெருசா பேனர் கட்டியிருப்பாங்க. மூணு மாசம் கழிச்சு நீங்க கவுண்டருக்குப் போகலன்னா அது தானா புதுப்பிச்சுக்கும், பெரும்பாலும் அன்னைக்கு இருக்குற சாதா போர்ட் ரேட்டுல. அது 2.20%ன்னு வச்சுக்குங்க, முதல் மூணு மாசம் 95 வெள்ளி, மிச்ச ஒம்பது மாசத்துக்கும் சேத்து 167.49, ஆக வருஷத்துக்கு 262.49. எஃபெக்டிவ் ரேட் 2.62 மட்டும்தான்! வட்டி மேல வட்டி சேந்தும் நூறு வெள்ளிக்கிட்ட போச்சு. அதனால அந்த ஃபார்முலாவ புரமோஷன் ரேட்ட போட்டு தட்டாதீங்க, நாலு தடவையும் அதே ரேட் கெடைக்கும்னா மட்டும்தான் அது பொருந்தும். முடியுற தேதிய போன்ல அலாரமா வச்சுட்டு அன்னைக்கு வேற எங்க நல்லா இருக்குன்னு பாருங்க.

பேங்க் நொடிஞ்சு போனா நம்ம காச திருப்பித் தர்ற பிஐடிஎம் பாதுகாப்பு ஒரு ஆளுக்கு ஒரு பேங்க்ல 250,000 வெள்ளி வரைக்கும், அது அசலும் வட்டியும் சேத்துத்தான். சரியா 250,000 போட்டுட்டு வட்டிய அங்கயே சேத்துட்டு வந்தா ஏறுன வட்டி அதுக்கு வெளிய போயிடும், கொஞ்சம் கம்மியா போடுறது நல்லது.

ஒரு வருஷம் முழுக்க காச தொடாம இருப்போமான்னு சந்தேகம் இருந்தா அதையும் சேத்து யோசிங்க. இப்பல்லாம் நெறைய பேங்க்ல தவணைக்கு முன்னாடி எடுத்தா வட்டி சுத்தமா கெடையாது. பத்தாவது மாசம் புள்ளைக்கு ஃபீஸ் கட்ட எடுக்குறீங்கன்னா அந்த 3.60% எஃப்டி வெறும் 10,000 வெள்ளியத்தான் திருப்பித் தரும், 3 மாச எஃப்டியில ஏற்கனவே மூணு தவணை முடிஞ்சு 10,270.15 ஆகியிருக்கும், போறது கடைசி ஒரு மாச வட்டி மட்டும்தான்.