ஆப்பை நிறுத்தாமல் சாவியை மாற்றுவது

ஒரு கடன் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் பான் எண்ணை customers டேபிளில் pan_enc என்ற நெடுவரிசையில் என்க்ரிப்ட் செய்து வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 லட்சம் பதிவுகள், நான்கு சர்வர்கள், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். ராத்திரி பகலாக விண்ணப்பங்கள் வந்துகொண்டே இருக்கும். இப்போது சாவியை மாற்ற வேண்டும், ஆனால் ஆப் நிற்கக் கூடாது.

இது முடியுமா முடியாதா என்பது முதல் நாளே முடிவாகிவிடுகிறது. AES-256-GCM முறையில் 10 எழுத்துள்ள பான் எண்ணை என்க்ரிப்ட் செய்தால், ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்கிற 12 பைட் நான்ஸ், 10 பைட் மறைபொருள், யாரும் கை வைக்கவில்லை என்று சரிபார்க்க 16 பைட் டேக் என 38 பைட் வரும். இதற்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு பைட் சேர்க்க வேண்டும்: எந்தச் சாவியால் பூட்டியது என்ற எண். 1 என்றால் பழைய சாவி, 2 என்றால் புதியது. இந்த 39வது பைட் இல்லாவிட்டால், ஒவ்வொரு பதிவையும் இரண்டு சாவிகளாலும் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாவி மாற்றத்தில் வரிசை முக்கியம். முதல் டெப்ளாயில் எல்லாச் சர்வர்களும் சாவி 2-ஐப் படிக்க மட்டும் கற்றுக்கொள்கின்றன. எழுதுவது இன்னும் சாவி 1-இல்தான். நான்கும் மாறிய பிறகே இரண்டாவது டெப்ளாய், அதில் எழுதுவதும் சாவி 2-க்கு மாறும். அவசரப்பட்டு இரண்டையும் ஒன்றாகச் செய்தால், புதிய சர்வர் எழுதியதைப் பழைய சர்வர் திறக்கப் போய், சாவி 2 இல்லாமல் பிழையோடு நின்றுவிடும். வாடிக்கையாளருக்குப் பக்கம் ஒரு முறை திறக்கும், அடுத்த முறை திறக்காது. அந்த மாதிரி விட்டுவிட்டு வருகிற பிழை லாகில் தெரிந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

அப்புறம் பழைய பதிவுகளை மாற்றுகிற வேலை. பின்னணியில் ஒரு ஸ்கிரிப்ட் 500, 500 பதிவாக எடுத்து, சாவி 1-ஆல் திறந்து, சாவி 2-ஆல் பூட்டி, திரும்ப எழுதுகிறது. ஆபத்து இங்கேதான். ஸ்கிரிப்ட் ஒரு பதிவைப் படித்துவிட்டது. அது எழுதுவதற்குள் அந்த வாடிக்கையாளர் தப்பாகக் கொடுத்திருந்த பான் எண்ணைத் திருத்திச் சேமிக்கிறார். ஸ்கிரிப்ட் வந்து பழைய எண்ணைப் புதிய சாவியால் பூட்டி அதன் மேலேயே எழுதிவிடுகிறது. டேக் சரியாக இருக்கும், லாகில் ஒன்றும் இருக்காது. திருத்தம் மட்டும் காணாமல் போயிருக்கும். தடுப்பதற்கு ஒரு நிபந்தனை போதும்:

```sql
UPDATE customers SET pan_enc = $1
WHERE id = $2 AND pan_enc = $3;
```

$3 என்பது ஸ்கிரிப்ட் முதலில் படித்த அதே பைட்டுகள். நடுவில் யாராவது மாற்றியிருந்தால் 0 பதிவு மாறியதாகப் பதில் வரும். கவலை இல்லை, அதை விட்டுவிடலாம். இரண்டாவது டெப்ளாய் முடிந்துவிட்டதால் அந்தத் திருத்தம் ஏற்கெனவே சாவி 2-இல்தான் இருக்கும்.

வேகத்தையும் அடக்கி வைக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் ஒரு பதிவை மாற்றும்போது பழையதை உடனே அழிப்பதில்லை. புதிய பிரதி ஒன்றை எழுதி, பழையதைப் பின்னால் வேக்யூம் துடைத்துக்கொள்ளும். 40 லட்சத்தையும் ஒரே UPDATE-இல் மாற்றினால் டேபிள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், ரெப்ளிகாக்கள் பின்தங்கும். ஒவ்வொரு 500-க்கும் கமிட் செய்து கொஞ்சம் இடைவெளி விட்டால் போதும். ஒரு நாள் கூடுதலாக ஓடினாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

சரி, பான் எண்ணை வைத்து ஒருவரைத் தேடுவது எப்படி? நான்ஸ் ஒவ்வொரு முறையும் வேறு என்பதால் ஒரே எண் இரண்டு தரம் ஒரே மாதிரி பூட்டப்படாது. அதனால் pan_hash என்று இன்னொரு நெடுவரிசை வேண்டும். வெறும் SHA-256 போட்டு வைப்பது வீண். தனிநபர் பான் எண்ணில் நான்காவது எழுத்து எப்போதும் 'பி'. மீதியில் சாத்தியமானவை சுமார் 12,000 கோடிதான். நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று சில நிமிடங்களில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடும். ஆகவே HMAC, அதற்குத் தனிச் சாவி. அந்தச் சாவியை மாற்றும்போது மட்டும் இதே வித்தை செல்லாது. புதிய நெடுவரிசை ஒன்றைச் சேர்த்து, அது நிரம்பும்வரை இரண்டிலும் தேட வேண்டும்.

முடிந்ததா என்று பார்க்க:

```sql
SELECT count(*) FROM customers
WHERE get_byte(pan_enc, 0) = 1;
```

0 வந்தாலும் சாவி 1-ஐ அழித்துவிடக் கூடாது. கியூவிலோ கேஷிலோ பழைய மறைபொருள் கிடக்கலாம். சாவி 1-ஆல் திறக்கிற ஒவ்வொரு முறையையும் எண்ணி, அந்த எண்ணிக்கை பூஜ்யத்தில் நிலைத்த பிறகு சாவியை முடக்கலாம். முடக்கியதைத் திரும்ப இயக்க முடியும், அழித்ததை முடியாது. பேக்கப்புகள் இன்னும் சாவி 1-இல்தான் இருக்கின்றன. கடைசி பழைய பேக்கப் காலாவதியாகும்வரை சாவியையும் வைத்திருக்க வேண்டும். சாவி திருடுபோனதால் மாற்றுகிறீர்கள் என்றால் கதை வேறு. பழைய பேக்கப் ஒன்றும் அந்தச் சாவியும் ஒரே கையில் சிக்கினால், இத்தனை வேலைக்குப் பிறகும் அதிலுள்ள பான் எண்கள் அவருக்குத் திறந்த புத்தகம்தான்.