ஈஸ்ட் தட்டில் முளைத்ததெல்லாம் ஜோடி இல்லை

பினாங்கில் செம்பனை மரபணுக்களில் ஆய்வு செய்யும் ஒரு தங்கை போன வாரம் தட்டைப் படம் எடுத்து அனுப்பி, "அண்ணே, எதுவுமே சேர்க்காத கண்ட்ரோல்லயும் முளைச்சிருக்கு, ஏன்?" என்று கேட்டார். இரண்டு புரதங்கள் ஒன்றையொன்று பிடிக்கின்றனவா என்று ஈஸ்டுக்குள் பார்க்கும் ஈஸ்ட் டூ-ஹைப்ரிட் முறையைச் செய்கிற யாருக்கும் இந்தக் கேள்வி வரும், பதில் அந்த முறையின் அடிப்படையிலேயே இருக்கிறது.

1989இல் ஸ்டான்லி ஃபீல்ட்ஸும் ஓக்-க்யூ சாங்கும் இந்த முறைக்குப் பயன்படுத்திக்கொண்டது இதைத்தான்: கால்4 என்ற ஈஸ்ட் புரதத்துக்கு இரண்டு வேலை, டி.என்.ஏவில் உட்காருவது ஒன்று, மரபணுவை முடுக்கிவிடுவது இன்னொன்று. இரண்டையும் தனித்தனித் துண்டாக்கலாம். உட்காரும் துண்டோடு நம் புரதத்தை (இதைத் தூண்டில் என்பார்கள்) ஒட்டுகிறோம், முடுக்கும் துண்டோடு இரைப் புரதத்தை ஒட்டுகிறோம். தூண்டிலும் இரையும் பிடித்துக்கொண்டால் துண்டுகள் பக்கத்தில் வந்து, ஹிஸ்டிடின் தயாரிக்கத் தேவையான ஹிஸ்3 என்ற அறிவிப்பு மரபணு வேலை செய்யும், ஹிஸ்டிடின் இல்லாத தட்டிலும் ஈஸ்ட் வளரும்.

ஆக, தட்டு சொல்வது "ஹிஸ்3 வேலை செய்கிறது" என்பதை மட்டும்தான். யார் முடுக்கினார்கள் என்பதைச் சொல்லாது. தங்கையின் தூண்டில் ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர், மரபணுக்களை முடுக்குவதே அதன் தொழில், அப்புறம் அதற்கு எதற்கு இரை? இரை ஒட்டாத வெறும் பிளாஸ்மிடோடு சேர்த்தாலும் தானே முடுக்கிவிடும். லேசான முடுக்கம் என்றால் 3-ஏடி என்ற மருந்தைத் தட்டில் சேர்க்கலாம். அது ஹிஸ்3 நொதியைத் தடுக்கிறது, அதனால் கொஞ்சம் சுரக்கிற செல்களால் வளர முடியாது. கண்ட்ரோல் வளர்ச்சி நிற்கிற அளவு வரைக்கும் 3-ஏடியைப் படிப்படியாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். நிற்கவே இல்லையென்றால், தூண்டிலில் முடுக்கும் பகுதியை வெட்டிவிட்டு மறுபடி ஒட்டுவதுதான் வழி, ஆனால் வெட்டிய இடத்தில்தான் இரை பிடிக்குமென்றால் அந்த ஜோடி கைவிட்டுப்போகும்.

இரைப் பக்கத்துத் தொல்லை வேறு. சில இரைகள் தூண்டிலே இல்லாமல் அறிவிப்பு மரபணுவின் முன்பகுதியில் போய் ஒட்டிக்கொள்ளும். இதற்காகத்தான் ஏஎச்109 போன்ற ஈஸ்ட்களில் ஹிஸ்3, ஏடிஇ2 என்று வெவ்வேறு முன்பகுதிகள் கொண்ட அறிவிப்பு மரபணுக்களை வைத்திருக்கிறார்கள். அவற்றுக்குப் பொதுவானது கால்4 உட்காரும் இடம் மட்டுமே, அதனால் ஒன்று மட்டும் வேலை செய்தால் சந்தேகப்படுங்கள். ஏடிஇ2 நிறத்தையும் காட்டும்: அது வேலை செய்யாத செல்லில் சிவப்பு நிறமி சேரும், எனவே ஹிஸ்டிடின் மட்டும் இல்லாத தட்டில் வெள்ளைக் காலனி வலுவான சமிக்ஞை, இளஞ்சிவப்பு பலவீனமானது.

இன்னொரு வகை, ஒட்டுவதையே இயல்பாகக் கொண்ட ஹீட் ஷாக் புரதங்கள். தூண்டில் எதுவானாலும் இவை வந்து நிற்கும்.

பிடிபட்ட காலனியிலிருந்து இரை பிளாஸ்மிடை எடுத்து, ஈ.கோலையில் பெருக்கி, புதிய ஈஸ்டில் மறுபடி போடுங்கள்: ஒன்றில் உண்மைத் தூண்டிலோடு, ஒன்றில் வெறும் தூண்டில் பிளாஸ்மிடோடு, ஒன்றில் லேமின் போன்ற சம்பந்தமில்லாத புரதத்தோடு. முதலாவது மட்டும் முளைத்தால் அடுத்த சோதனைக்குப் போகலாம், அதுவும் செல்லுக்கு வெளியே, புல்-டவுன் போன்ற வேறு முறையில், ஏனென்றால் செம்பனை செல்லில் சந்திக்கவே வாய்ப்பில்லாத இரண்டு புரதங்கள்கூட ஈஸ்டின் உட்கருவுக்குள் கட்டாயமாகச் சந்திக்க வைக்கப்படுகின்றன.