எல்லாம் அநேகமாகச் சரிதான், ஆனால் மனை உங்களுடையதா?

லீகல் ஒப்பினியன் வாங்க வருகிற பலர் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். ஃபைலைத் திறந்து ஒவ்வொரு பத்திரமாக எடுத்து வைத்து, "இது ஓகே சார், இதுவும் பெரும்பாலும் ஓகே, இதில் சின்ன சந்தேகம், ஆனா பெரிசா ஒண்ணும் இருக்காது" என்று சொல்லிக்கொண்டே கடைசிப் பக்கம் வரை வந்துவிட்டு, "அப்ப வாங்கிடலாம்ல?" என்று கேட்பார்கள். ஒவ்வொன்றும் அநேகமாகச் சரி என்றால் மொத்தமும் அநேகமாகச் சரி என்பதுதான் அந்தக் கேள்விக்கு அடியில் இருக்கும் நம்பிக்கை. அது தப்பு. சொத்துத் தகராறுகளில் நான் பார்க்கிற பணம் இழந்த குடும்பங்களில் நிறையப் பேர், ஒரு பெரிய மோசடியில் விழுந்தவர்கள் இல்லை, இந்தக் கணக்கில் விழுந்தவர்கள்.

ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். அடிக்கடி வரும் ஃபைல்களைச் சேர்த்து நானே அமைத்த உதாரணம் இது, எந்த ஒரு குடும்பத்துடையதும் இல்லை. புறநகரில் 2,400 சதுர அடி. 1968இல் ஒரு பெரியவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம். 1983இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். 1991இல் அவருடைய மனைவியும் இரண்டு மகன்களும் பாகப்பிரிவினை செய்து, இந்த நிலம் மூத்த மகனுக்கு வந்தது. அவர் 2006இல் ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுத்தார், பவர் ஏஜென்ட் 2009இல் மனைகளாகப் பிரித்து விற்றார். அன்று வாங்கியவர்தான் இன்று உங்களுக்கு விற்கிறார்.

இந்த மனை உங்களுக்குச் சொந்தமாகும் என்று சொல்வது ஒரே ஒரு கூற்று மாதிரி தெரிகிறது. உண்மையில் அது ஒரு நீண்ட வாதத்தின் முடிவு. 1968இல் விற்றவருக்கு விற்க உரிமை இருந்திருக்க வேண்டும். பெரியவரின் வாரிசுகள் வாரிசுச் சான்றிதழில் இருக்கும் அந்த மூன்று பேர் மட்டுமே என்பது உண்மையாக இருக்க வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இருக்கும் கைரேகை பெரியவரின் மனைவியுடையதாக இருக்க வேண்டும். 2009இல் ஏஜென்ட் கையெழுத்துப் போட்ட அன்று பவர் உயிரோடு இருந்திருக்க வேண்டும். பத்திரத்தில் உள்ள பழைய சர்வே எண்ணும் நீங்கள் நின்று பார்த்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். அசல் பத்திரத்தை வைத்து வாங்கி இன்னும் அடையாத கடன் எங்கேயும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் 'சந்தேகமே இல்லை' என்று சொல்ல முடியாது, எதற்கும் 'வேண்டாம், ஓடிவிடுங்கள்' என்றும் சொல்ல முடியாது. வாதத்துக்காக எண் போடுவோம்: முதலாவதுக்கு 95 சதவீதம், வாரிசு விஷயத்துக்கு 85, கைரேகைக்கும் பவருக்கும் சர்வே எண்ணுக்கும் தலா 90, கடன் விஷயத்துக்கு 95. இவை என் மதிப்பீடு, வேறு வக்கீல் வேறு எண் போடுவார், பரவாயில்லை.

இப்போது இதே மாதிரி ஃபைலோடு நூறு மனைகள் விற்பனைக்கு வந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 1968 பத்திரம் என்ற முதல் படியைத் தாண்டுபவை 95. அந்த 95இல் வாரிசு விஷயத்தைத் தாண்டுபவை 81. கைரேகையில் 73 ஆகிறது, பவரில் 65, சர்வே எண்ணில் 59, கடனில் 56. ஒரு படிகூடப் பயமுறுத்தவில்லை, ஆனால் நூறில் நாற்பத்துநான்கு மனைகள் வழியிலேயே எங்கேயோ விழுந்துவிட்டன. ஒரே மனையில் எல்லாப் படிகளும் ஒருசேர நிற்க வேண்டும் என்பதால்தான் பெருக்குகிறோம். மனசு சராசரி எடுக்கிறது, அதனால் தொண்ணூறு என்ற உணர்வோடு போய் ஐம்பத்தாறு சதவீத வாய்ப்பின் மேல் பணத்தைக் கட்டுகிறோம்.

இதோடு முடியவில்லை. யாரும் சொல்லாமலே உள்ளே வைத்திருக்கும் படிகள் உண்டு. விற்பவர் என்று எதிரே உட்கார்ந்திருப்பவர்தான் 2009 பத்திரத்தில் உள்ள ஆள் என்பது ஒன்று. இந்த நிலத்தின் மேல் எந்த கோர்ட்டிலும் வழக்கு இல்லை என்பது இன்னொன்று. வில்லங்கச் சான்றிதழில் வழக்கு தெரிந்துவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அதில் வருவது பதிவான ஆவணங்கள்தான், நிலுவையில் இருக்கும் வழக்கு பொதுவாக வராது, ஆனால் வழக்கு நடக்கும்போது வாங்கியவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும். இந்த இரண்டுக்கும் தலா 90 போட்டால் 56 என்பது 50 ஆகி, பிறகு 45 ஆகிறது. பாதிக்குக் கீழே. அதாவது எட்டு 'அநேகமாகச் சரி'களைச் சேர்த்தால் 'இந்த வாதம் முழுசாக நிற்காமல் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்' என்ற இடத்துக்கு வந்து நிற்கிறோம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். பட்டா அவர் பேரில் இருக்கிறது, சொத்து வரி ரசீது இருக்கிறது, ஏற்கெனவே ஒரு பேங்க் இதன் மேல் கடன் கொடுத்து அது அடைந்தும் விட்டது, இத்தனை ஆதாரம் இருந்தும் எப்படி 45 என்று. பட்டா எதைப் பார்த்து மாற்றினார்கள்? 2009 பத்திரத்தைப் பார்த்து. வரி ரசீது? அதே பத்திரம். பேங்க்கின் பேனல் வக்கீல் எதைப் படித்தார்? நீங்கள் கொண்டுவந்த அதே ஃபைலின் ஜெராக்ஸை. வாரிசுச் சான்றிதழில் ஒரு பெயர் விட்டுப்போயிருந்தால் இவை எல்லாம் ஒன்றுபோல அந்தத் தவறைத் திருப்பிச் சொல்லும். ஒரே ஊற்றிலிருந்து வந்த பத்து காகிதம் பத்து சாட்சி ஆகாது. இதற்கு மறுபக்கமும் உண்டு: இரண்டு சந்தேகங்கள் ஒரே காரணத்திலிருந்து வருகிறது என்றால், அதை இரண்டு தடவை பெருக்கிக் கழிக்கக் கூடாது, கணக்கு தேவையில்லாமல் மோசமாகிவிடும். அதனால்தான் ஒவ்வொரு படியிலும் 'இதற்கு முந்தியதெல்லாம் சரி என்று வைத்துக்கொண்டால், இது சரியாக இருக்க எவ்வளவு வாய்ப்பு?' என்று கேட்க வேண்டியிருக்கிறது.

வாரிசு விஷயத்துக்கு ஏன் 85தான் போட்டேன் என்று விளக்க வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அதிகம் உடைவது அங்கேதான். உயில் இல்லாமல் இறந்த ஓர் இந்து ஆணின் சொந்தச் சம்பாத்தியம் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய அம்மா என்று எல்லோருக்கும் சமமாகப் போகும். 1983இல் பெரியவரின் அம்மா உயிரோடு இருந்தாரா என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள், பலருக்கு அது ஏன் கேட்கப்படுகிறது என்றே தெரியாது. அப்புறம் மகள். "பொண்ணு ஒருத்தர் இருந்தாங்க, ஆனா பெரியவர் 1989க்கு முன்னாடியே இறந்துட்டார், அப்பல்லாம் பொண்ணுக்குப் பங்கு இல்ல" என்று தெளிவாகச் சொல்வார்கள். 1989இல் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005இல் மத்தியத் திருத்தமும் மாற்றியது கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளின் உரிமையை. அப்பாவின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்கு 1956 முதலே பங்கு உண்டு. அந்த மகள் இருந்து, பாகப்பிரிவினையில் அவர் கையெழுத்து இல்லை என்றால், பெரியவரின் அம்மா முன்பே இறந்திருந்த நிலையில் நாலில் ஒரு பங்கு அவருடையது, அந்தப் பத்திரம் அவரைக் கட்டுப்படுத்தாது.

அதற்காக, ஒரு படி உடைந்தால் நிலம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. இந்த 45 என்பது 'இந்த ஒரு வழியாக' உரிமை வந்து சேர்வதற்கான வாய்ப்பு மட்டுமே, வேறு வழியில் முடிவு சரியாக இருந்துவிடலாம். மகள் தன் பங்கைக் கேட்காமலே போகலாம், பேசினால் அதை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரலாம். 12 வருடத்துக்கு மேல் நாங்களே வெளிப்படையாக அனுபவித்து வருகிறோம், அதனால் எங்களுடையது என்று எதிரிடை அனுபவத்தைக் காட்டியும் வாதாடலாம், ஆனால் கூட்டுப் பங்காளிகளுக்குள் ஒருவரின் அனுபவம் எல்லோருடைய அனுபவமாகவே முதலில் கருதப்படும், அவரை வெளிப்படையாக விலக்கினீர்கள் என்று நிரூபிக்க வேண்டும். வேலிகூட இல்லாத காலி மனையில் அதை நிரூபிப்பது லேசில்லை. எனவே இந்த மாற்று வழிக்கு ஒரு சிறிய கூடுதல் மதிப்பு தரலாம், அதை நம்பி அட்வான்ஸ் கொடுக்க முடியாது.

சரி, என்ன செய்வது? ஏற்கெனவே பலமாக இருக்கும் படியை இன்னும் பலமாக்குவதில் பிரயோஜனம் குறைவு. 1968 பத்திரத்தின் 95ஐ 99 ஆக்க அலைந்தால் மொத்தம் 45இலிருந்து 47க்குத்தான் போகும். வாரிசுப் படியின் 85ஐ 99 ஆக்கினால் 53. அதனால் ஃபைலில் தடிமனான பத்திரத்தை விட்டுவிட்டு, பலவீனமான படிக்கு முதலில் போங்கள். பெரியவரின் குடும்பத்தை ஊரில் நேரில் விசாரியுங்கள், அவருடைய அம்மாவின் இறப்புத் தேதியைக் கேளுங்கள், மகள் இருந்தால் கிரயப் பத்திரத்தில் அவரையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். பவர் விஷயத்தில் ஒரே ஒரு காகிதம் நிறையச் சொல்லிவிடும்: மூத்த மகன் இறந்திருந்தால் அவருடைய இறப்புச் சான்றிதழ். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் சாதாரணப் பவர் அதோடு முடிந்தது, எனவே அந்தத் தேதி 2009 கிரயத்துக்கு முந்தியதா பிந்தியதா என்று பாருங்கள். சர்வே எண்ணுக்குப் பழைய-புதிய எண் ஒப்பீட்டையும் புல வரைபடத்தையும் எடுத்து, சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். வழக்குக்கு இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பெயரை மட்டும் தேடினால் போதாது, மூத்த மகன், இளைய மகன், பவர் ஏஜென்ட் பெயர்களையும் தேடுங்கள்.

இப்படி எட்டுப் படியையும் 99க்குக் கொண்டுவந்தால்கூட மொத்தம் 92தான் வரும். அதனால்தான் நல்ல ஒப்பினியன் எழுதுபவர்கள் 'உரிமை தெளிவாக உள்ளது' என்று ஒரே வரியில் முடிக்காமல், எந்தெந்த அனுமானத்தின் மேல் சொல்கிறோம் என்று வரிசையாக எழுதுவார்கள். உங்கள் வக்கீல் அப்படி எழுதித் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். மீதி இருக்கும் அந்த எட்டு சதவீதத்துக்கு, பின்னால் வில்லங்கம் வந்தால் ஈடு தருவதாக விற்பவரைப் பத்திரத்தில் எழுதவைப்பது வழக்கம். எழுதவையுங்கள், ஆனால் வழக்கு வரும் நாளில் அவர் உள்ளூரில், கையில் சொத்தோடு இருப்பார் என்பதும் ஒரு படிதான், அதற்கும் ஒரு எண் போட்டுப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் தொகையை முடிவு செய்யுங்கள்.