ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கத்தின் அடக்க விலை: மீட்டருக்கும் கல்லாவுக்கும் இடையே காணாமல் போகும் தாள்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் நகல் இயந்திரங்களைப் பழுது பார்க்கச் செல்லும் கடைகளில், ஒரு பக்கத்துக்கு உங்களுக்கு என்ன செலவாகிறது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே வகையான பதில்தான் வருகிறது. ரீம் விலையை ஐந்நூறால் வகுத்து, டோனர் விலையை அதன் உறையில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கையால் வகுத்து, இரண்டையும் கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள். இந்தக் கணக்கில் இயந்திரத்தின் தேய்மானம் இல்லை. வீணான தாள்களும் இல்லை. டோனரின் பங்குகூடச் சரியாக இருப்பதில்லை. தக்கலைப் பகுதியில் ஒரு கடையின் ஜூன் மாதக் கணக்கை உரிமையாளருடன் உட்கார்ந்து போட்டுப் பார்த்ததை, அந்தக் கடையின் விலைகளைச் சற்று முழு எண்களாக்கி, இங்கே விளக்குகிறேன். மற்றவர்கள் தங்கள் விலைகளைப் பொருத்திக்கொள்ளலாம்.

அங்கே 75 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ரீம் 250 ரூபாய். ஆகவே ஒரு தாள் 50 பைசா. டோனர் 2,000 ரூபாய். உறையில் 15,000 பக்கம் என்று இருந்தது. எனவே 13 பைசா சேர்த்து, ஒரு பக்கம் 63 பைசா என்று உரிமையாளர் நம்பியிருந்தார். ஆனால் உறையில் உள்ள எண்ணிக்கை, பக்கத்தின் பரப்பில் ஐந்து விழுக்காடு மட்டுமே மை படியும் என்ற அடிப்படையில் சொல்லப்படுவது. சில வரிகள் கொண்ட ஒரு கடிதம்தான் அந்த அளவில் அடங்கும். பத்திர நகல், முத்திரைத்தாளின் நிழல் படிந்த பின்னணி, புகைப்படம் ஒட்டிய விண்ணப்பம் ஆகியவை அதைத் தாண்டிவிடும். எல்லாவற்றையும்விட அதிகமாக டோனரைக் குடிப்பது, தடிமனான புத்தகத்தை மூடியைத் திறந்து வைத்தே நகல் எடுக்கும்போது நான்கு ஓரங்களிலும் விழும் கறுப்புப் பட்டைதான். டோனர் மாற்றும் நாளில், இயந்திரம் இதுவரை எடுத்த பக்கங்களைக் காட்டும் மீட்டர் ரீடிங்கை டப்பாவின் மேலேயே எழுதி வைத்து, அடுத்த முறை மாற்றும்போது கழித்துப் பார்த்தால் உங்கள் கடைக்குரிய உண்மையான எண்ணிக்கை கிடைத்துவிடும். இந்தக் கடையில் அது 10,000 பக்கமாக இருந்தது. அதாவது பக்கத்துக்கு 20 பைசா.

தேய்மானத்தையும் இதே மீட்டரை வைத்தே கணக்கிட வேண்டும். டிரம், பிளேடு, டெவலப்பர் மூன்றுக்கும் சேர்த்து 6,000 ரூபாய் ஆகி 60,000 பக்கம் வந்ததால் 10 பைசா. ஃபியூசர் பாகங்கள் 5,000 ரூபாய்க்கு ஒரு லட்சம் பக்கம் வந்ததால் 5 பைசா. பிக்கப் ரோலர் முதலிய சிறு பாகங்களுக்கும் சர்வீஸுக்கும் 3 பைசா. எழுபதாயிரத்துக்கு வாங்கிய இயந்திரம் ஏழு லட்சம் பக்கம் உழைக்கும் என்று கொண்டால் அதற்கு 10 பைசா. ஆக மொத்தம் 28 பைசா. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிரம் ஒவ்வொரு வேலைக்கு முன்பும் பின்பும் சில சுற்றுகள் வெறுமனே சுழல்கிறது. ஒருவர் ஒரு நகல், அடுத்தவர் ஒரு நகல் என்று நாள் முழுவதும் ஓடும் கடையில், நூறு பக்கங்களை ஒரே ஓட்டமாக எடுக்கும் கடையைவிட டிரம் விரைவில் தேயும். ஆகையால் பக்கத்துக் கடைக்காரர் சொல்லும் எண்ணிக்கையை நம் கணக்கில் போடக் கூடாது.

இனி வீணாவதைப் பார்ப்போம். அந்த மாதம் மீட்டர் 19,600 பக்கம் ஓடியிருந்தது. பில் புத்தகத்தின்படி விற்றது 18,600 பக்கம். ஆயிரம் பக்கங்களுக்குப் பணம் வரவில்லை. விற்ற பக்கங்களில் 6,000 பேக் டு பேக், அதாவது இருபுறமும் எடுத்த 3,000 தாள்கள்; மீதி 12,600 ஒருபக்கம். ஆகவே 15,600 தாள்கள் செலவாகியிருக்க வேண்டும். இருப்பைக் கழித்துப் பார்த்தால் 33 ரீம், அதாவது 16,500 தாள்கள் போயிருந்தன. 900 தாள் வீண். இந்த இரண்டு குறைகளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உள்ளே சிக்கிக் கிழிந்த தாள் பெரும்பாலும் மீட்டரில் ஏறாது. இருபுறமும் அச்சாகிக் கெட்ட தாள் மீட்டரில் இரண்டாக ஏறும். எனவே மீட்டரைத் தனியாகவும் ரீமைத் தனியாகவும் பார்க்க வேண்டும்.

தாளுக்கு 8,250 ரூபாய். டோனரும் தேய்மானமும் சேர்ந்த 48 பைசா வீதம் 19,600 பக்கத்துக்கு 9,408 ரூபாய். மொத்தம் 17,658 ரூபாய். இதை மீட்டர் எண்ணிக்கையால் வகுக்கக் கூடாது. பணம் வந்த 18,600 பக்கத்தால்தான் வகுக்க வேண்டும். பக்கத்துக்கு 95 பைசா வருகிறது. வாடகை, மின்சாரம், கூலி எதுவும் இதில் இல்லை. வீணானது மட்டும் மாதம் 930 ரூபாய், அதாவது விற்ற ஒவ்வொரு பக்கத்தின் மேலும் 5 பைசா.

சராசரியான இந்த 95 பைசாவை வைத்து மொத்த வேலைக்கு விலை சொல்வதும் ஆபத்தே. ஒருபக்க நகலுக்குத் தாள் 50, டோனரும் தேய்மானமும் 48, வீண் 5 என 1 ரூபாய் 3 பைசா ஆகிறது. கல்லூரி மாணவர்களின் ரெக்கார்டு, புராஜெக்ட் வேலைகளைப் பக்கம் ஒரு ரூபாய்க்கு ஏற்றுக்கொண்டால் வாடகைக்கு முன்பே நட்டம். பேக் டு பேக் தாளில் 50 பைசா தாள் ஒருமுறைதான். ஆனால் டோனரும் தேய்மானமும் இருமடங்கு. இரு பக்கங்களுக்கும் வீணுக்கான 10 பைசாவையும் சேர்த்தால் தாளுக்கு 1 ரூபாய் 56 பைசா. “ரெண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை ரூபாய்க்குப் போடுங்க அண்ணே” என்று கேட்பவருக்குச் சம்மதித்தால் ஒவ்வொரு தாளிலும் 6 பைசா கைவிட்டுப் போகிறது.

அந்த 900 தாள்கள் ஏன் வீணாயின என்பதை அறிய, அடுத்த மாதம் கெட்ட தாள் எதையும் வெளியே போடாமல் ஓர் அட்டைப் பெட்டியில் சேர்த்து, ஓரத்தில் காரணத்தையும் எழுதி வைக்கச் சொன்னேன். பாதிக்கு மேல் ஈரத்தால் வந்தவை. நம் மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுவதால் ஈரக்காற்று ஆண்டில் பல மாதங்கள் நீடிக்கிறது. பிரித்த ரீம் இரவெல்லாம் டிரேயில் கிடந்தால் ஓரங்கள் ஈரத்தை இழுத்து அலை அலையாக நெளியும். காலையில் முதல் சில நகல்கள் சுருண்டு வந்தாலும், எழுத்து திட்டுத்திட்டாக வெளிறினாலும், விரலால் தேய்த்தால் மை உதிர்ந்தாலும் இயந்திரத்தைச் சந்தேகிக்கும் முன் வேறொரு புதிய ரீமைப் பிரித்துப் போட்டுப் பாருங்கள். அப்போது சரியாக வந்தால் குறை தாளில்தான். சிமென்ட் தரையிலும் சுவர் ஓரத்திலும் ரீம்களை அடுக்காமல் மரப்பலகை மேல் வைப்பதும், டிரேயில் அன்றைய தேவைக்கு மட்டும் போட்டு, மிச்சத்தை உறையோடு பாலிதீன் பையில் கட்டி வைப்பதும் போதும். கேசட்டின் அடியில் ஹீட்டர் உள்ள மாடலாக இருந்தால் மழைக்காலத்தில் அதன் சுவிட்சைப் போட்டு வைக்க வேண்டும். பல கடைகளில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அடுத்த பெரும்பங்கு, பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்து பென் டிரைவில் கொண்டுவந்த கோப்புகள். அந்த எழுத்துரு கடைக் கணினியில் இல்லாததால் இருபது பக்கமும் ஆங்கில எழுத்துகளாக வந்து விழும். முதல் பக்கம் ஒன்றை மட்டும் எடுத்து வாடிக்கையாளரிடம் காட்டிவிட்டு மற்றவற்றை எடுப்பதும், பிடிஎஃப் ஆக மாற்றிக் கொண்டுவரச் சொல்வதும் இதைத் தடுக்கும்.

கெட்ட தாளின் மறுபுறத்தை மீண்டும் டிரேயில் போடுவது சிக்கனமாகத் தோன்றினாலும் நான் அதை அனுமதிப்பதில்லை. ஏற்கெனவே சூடேறிச் சுருண்ட தாள் அடிக்கடி சிக்கும். அதில் மறந்துபோன ஒரு ஸ்டேப்ளர் பின் டிரம்மில் கீறல் போட்டுவிட்டால் ஒவ்வொரு நகலிலும் கோடு விழும், 50 பைசாவுக்காக ஆயிரக்கணக்கில் செலவாகும். ஆதார், பத்திரம், மருத்துவச் சீட்டு ஆகியவற்றின் கெட்ட நகல்களைப் பெட்டியில்கூடச் சேர்க்க வேண்டாம். காரணத்தை நோட்டில் எழுதிவிட்டு அப்போதே பொடியாகக் கிழித்துவிட வேண்டும். அவை பழைய பேப்பர் எடைக்குப் போகவே கூடாது.

அந்தக் கடையில் இப்போது மாதக் கடைசி நாளில் மீட்டர் ரீடிங்கும் ரீம் இருப்பும் ஒரே பக்கத்தில் எழுதப்படுகின்றன. ரீம் விலையோ டோனர் விலையோ மாறும்போது அந்தப் பக்கத்திலேயே கணக்கைத் திரும்பப் போட்டு, ஒருபக்கத்துக்கும் பேக் டு பேக்குக்கும் தனித்தனி மொத்த விலை குறிக்கப்படுகிறது.