சதவீத உயர்வு எந்த ஆண்டில் முந்தும்?

கோவையில் ஒரு பம்ப் உற்பத்திக் கூடத்தின் கணக்குப் பிரிவில் சேரவிருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். தொடக்கச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய். ஆண்டுதோறும் 2,000 ரூபாய் உயர்வு வேண்டுமா, அல்லது அந்தந்த ஆண்டின் சம்பளத்தில் 5 சதவீதம் உயர்வு வேண்டுமா என்று முதலாளி கேட்டிருக்கிறார். “சதவீதம்தான் கடைசியில் ஜெயிக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் கடைசி எப்போது வரும்?” என்பது அவருடைய கேள்வி.

கூட்டு வட்டியைப் புகழ்ந்து ஐன்ஸ்டீன் பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றும் வாசகத்தை விட, இந்தக் கேள்விக்கு மதிப்பு அதிகம் என்பேன். கூட்டுப் பெருக்கம் முந்தும் என்பது பள்ளிக் கணக்கு. எப்போது முந்தும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு ஒன்றல்ல, மூன்று விடைகள் உண்டு.

முதல் உயர்வின்போது 5 சதவீதம் என்பது 1,500 ரூபாய்தான். நிலையான உயர்வை விட 500 ரூபாய் குறைவு. அடுத்த ஆண்டு அது 31,500-இல் 5 சதவீதமாக, அதாவது 1,575 ரூபாயாக வளர்வதால் அந்த உயர்வில் விழும் குறை 425 ரூபாய். இப்படிக் குறை ஆண்டுதோறும் சுருங்கி 346, 264, 177, 86 என்று இறங்குகிறது. ஏழாவது உயர்வு 2,010 ரூபாய் வருகிறது. சதவீத உயர்வு நிலையான உயர்வை முதன்முதலாக மிஞ்சும் இடம் இதுதான். பணியின் எட்டாம் ஆண்டு தொடங்கும் நேரம். இது முதல் விடை.

ஆனால் வாசகர் அன்று மகிழ்ச்சி அடைய ஒன்றுமில்லை. உயர்வு மிஞ்சிவிட்டதே தவிர, சம்பளம் மிஞ்சவில்லை. முதல் ஆறு உயர்வுகளிலும் விழுந்த குறைகள் எல்லாம் சேர்ந்து, ஏழாம் ஆண்டில் அவருடைய சம்பளம் 42,000-க்குப் பதிலாக 40,203 ரூபாயாக, ஏறக்குறைய 1,800 ரூபாய் பின்தங்கி நிற்கிறது. எட்டாம் ஆண்டிலிருந்து இந்தப் பள்ளம் தூரத் தொடங்குகிறது, ஆனால் மிக மெதுவாக: முதலில் 10 ரூபாய், பிறகு 111, 216, 327, 443, 566 என்று. அந்த ஆறு உயர்வுகளுக்குப் பிறகும், அதாவது 13-ஆம் ஆண்டிலும், 124 ரூபாய் பாக்கி இருக்கிறது. 13-ஆவது உயர்வு கிடைக்கும்போதுதான், 14-ஆம் ஆண்டில், சதவீதச் சம்பளம் 56,569 ரூபாயாகி, நிலையான வழியின் 56,000-ஐத் தாண்டுகிறது. இது இரண்டாம் விடை. பலரும் “முந்தும் ஆண்டு” என்று குறிப்பிடுவது இதைத்தான்.

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த படி. 14-ஆம் ஆண்டில் சம்பளச் சீட்டு முந்திவிட்டாலும், அதற்கு முந்தைய 12 ஆண்டுகளிலும் மாதாமாதம் குறைவாக வாங்கிய தொகை அப்படியே நிற்கிறது. 13-ஆம் ஆண்டின் இறுதியில் அந்த மொத்தக் குறை சுமார் 1,75,000 ரூபாய். அதையும் ஈடுகட்ட வேண்டுமானால் இன்னும் சில ஆண்டுகள் உழைத்தாக வேண்டும். 18-ஆம் ஆண்டு முடிவில்கூட 24,000 ரூபாய் அளவுக்குப் பாக்கி இருக்கிறது. 19-ஆம் ஆண்டில்தான் மொத்தமாக வாங்கிய பணம் நிலையான வழியை மிஞ்சுகிறது. அது மூன்றாம் விடை.

உயர்வுகளின் எண்ணிக்கையில் சொன்னால் 7, 13, 18. உயர்வு முந்த ஆகும் காலத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கில் சம்பளமும், மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவான காலத்தில் மொத்தப் பணமும் முந்துகின்றன. இது தற்செயல் அல்ல. உயர்வில் விழும் குறை கிட்டத்தட்ட ஒரு நேர்கோட்டில் இறங்கிச் சுழியத்தைத் தொடுகிறது. அப்படியானால் அதே கோடு மறுபக்கம் அதே தூரம் சென்றால்தான், முன்பு வெட்டிய பள்ளத்துக்கு இணையான மண் கிடைக்கும். சம்பளத்துக்கு இரு மடங்கு காலம் ஆவது அதனால்தான். அந்தப் பள்ளத்தின் கூட்டுத்தொகையை நிரப்புவதற்கு இன்னொரு பங்கு காலம் வேண்டும். சரியான நேர்கோடாக இருந்தால் 7, 14, 21 என்றே வந்திருக்கும். கோடு மேல்நோக்கி வளைவதால் இரண்டாவதில் ஓராண்டும் மூன்றாவதில் மூன்று ஆண்டுகளும் மிச்சமாகின்றன. கூட்டுப் பெருக்கத்தின் மாயம் என்று சொல்லப்படுவது, இந்தக் கணக்கில், அந்த மிச்சம்தான்.

கூடுதலாகக் கிடைத்த பணத்தை நிலையான வழிக்காரர் செலவழிக்காமல் ஆண்டுக்கு 6 சதவீத வட்டியில் போட்டு வந்தால், மூன்றாம் விடை 19-இலிருந்து 21-ஆம் ஆண்டுக்குத் தள்ளிப்போகும்.

வாசகர் கவனிக்க வேண்டியது, சதவீதம் சற்றே மாறினால் விடை எவ்வளவு தாவுகிறது என்பதை. அதே 30,000, அதே 2,000. சதவீதம் 6 என்றால் சம்பளம் ஆறாம் ஆண்டிலேயே முந்திவிடும். 4 என்றால் 27-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். 3 என்றால் 50 உயர்வுகள் வேண்டும். அதற்குள் பணி ஓய்வே வந்துவிடும். 2,000 என்பது 30,000-இல் ஏறத்தாழ 6.67 சதவீதம். முதலாளி சொல்லும் சதவீதம் அதை எட்டினால் யோசிக்கவே வேண்டாம். அதற்குக் கீழே விலக விலகக் காத்திருப்பு கடுமையாக நீளும்.

இதே மாற்றத்தை மத்திய அரசு ஊழியர்கள் நேரில் கண்டிருக்கிறார்கள். ஐந்தாம் ஊதியக் குழுவின் விகிதங்கள் 5500-175-9000 என்பது போல எழுதப்பட்டன: 5,500-இல் தொடங்கி, ஆண்டுக்கு 175 கூடி, 9,000-இல் முடியும். 2006 முதல் நடைமுறைக்கு வந்த ஆறாம் ஊதியக் குழு இதை 3 சதவீத உயர்வாக மாற்றியது. பழைய விகிதத்தின் மீது 3 சதவீதத்தைப் போட்டுப் பார்த்தால், முதல் உயர்வு 165 ரூபாய். குறை வெறும் 10 ரூபாய் என்பதால் ஐந்தாவது உயர்விலேயே 6,375-ஐ 6,376 என்று ஒரு ரூபாயில் முந்திவிடுகிறது. இருபதாவது உயர்வில் 9,000-க்கு எதிராக 9,934. இரண்டு உயர்வுகளும் தொடக்கத்தில் நெருங்கி இருந்தால் சதவீதத்துக்கான காத்திருப்பு மிகக் குறைவு என்பதற்கு இது நல்ல சான்று.

கோவை வாசகருக்கு என் கருத்து: அந்த இடத்தில் பத்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பது உறுதியில்லை என்றால் 2,000 ரூபாயை வாங்கிக்கொள்வதே நல்லது. அடுத்த வேலையில் பேரம் பேசும்போதும் கடைசியாக வாங்கிய சம்பளம் கூடுதலாக இருக்கும். இருபது ஆண்டுகள் இருப்பேன் என்றால்தான் 5 சதவீதம். அப்போதும், கையெழுத்திடும் முன் எதன் மீது 5 சதவீதம் என்று பணி நியமனக் கடிதத்தில் பார்க்க வேண்டும். சில இடங்களில் அது மொத்தச் சம்பளத்தின் மீது அல்ல, அடிப்படை ஊதியத்தின் மீது மட்டும் கணக்கிடப்படும். அடிப்படை 15,000 என்றால் முதல் உயர்வு 750 ரூபாய்தான். “தொடக்கச் சம்பளத்தில் 5 சதவீதம்” என்று எழுதியிருந்தால் அது சதவீத உயர்வே அல்ல. ஒவ்வோர் ஆண்டும் மாறாத 1,500 ரூபாய், 2,000-ஐ எந்த ஆண்டிலும் முந்தாது.